விடுமுறை நாளில் எப்படித் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள்

*வணக்கம் டாக்டர். சுங்கை சிப்புட் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் மூன்றாவது ஆண்டாகப் பணிபுரிகிறேன். 49 வயது அம்மா ஒருவர். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கையுறைத் தொழிற்சாலையில் வேலை, விடியற்காலை 4.30க்கு எழுகிறார். எந்நேரமும் அசதி, எதிலும் நாட்டமில்லை, இரவில் மூன்று நான்கு முறை விழிப்பு. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் மதிப்பெண் 17. மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் 100 மில்லிகிராம் நான்கு மாதம், பிறகு எஸ்சிட்டாலோபிராம் 20 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்தும் 15க்குக் கீழே இறங்கவில்லை. மிர்ட்டாசபின் சேர்க்கலாமா? 19 வயது மகனையும் அழைத்து வந்தார். விடியும்வரை விழித்திருக்கிறார், நண்பகல்வரை எழுவதில்லை, படிவம் ஆறு வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அவருடைய மதிப்பெண் 13. இது குடும்பவழி வரும் மனச்சோர்வா?*

அன்புள்ள டாக்டர்,

மிர்ட்டாசபினை இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் அந்த 17 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பி.எச்.கியூ-9 தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாக மீண்டும் படியுங்கள். ஒன்பது கேள்விகளில் ஐந்து, தூக்கம், அசதி, பசி, கவனம், உடலின் மந்தம் அல்லது பரபரப்பு ஆகியவற்றைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் அந்த ஐந்து மட்டுமே 15 வரை போகும். மனத்தில் துளி சோகம் இல்லாமல், தூக்கம் மட்டும் கெட்டுப்போன ஒருவர் இந்த மதிப்பெண்ணை நெருங்கிவிடக்கூடும். மற்ற நான்கும் நாட்டமின்மை, மனத்தாழ்வு, தன்னை மதிக்காமை, சாவைப் பற்றிய எண்ணம். அந்த அம்மாவின் தாளில் இந்த நான்கில் எத்தனை விழுந்திருக்கின்றன? ஐந்தைக் கழித்துவிட்டுப் புது மதிப்பெண் போடச் சொல்லவில்லை. அந்தத் தாள் அப்படிக் கணக்கிடுவதற்காக அமைக்கப்பட்டதல்ல. ஆனால் 17இல் 13 அந்த ஐந்திலிருந்தே வந்திருந்தால், இரண்டு மருந்துகளும் ஏன் தோற்றன என்பதற்கு ஒரு வழி திறக்கிறது. ஒன்பதாவது கேள்வியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லேசாக விடாதீர்கள். தூக்கக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாகவே வருகிறது. இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்.

அடுத்து, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "வேலையும் இல்லை, எழுப்பவும் ஆள் இல்லை என்றால் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுவீர்கள்? எழும்போது எப்படி இருக்கும்?" என் அனுபவத்தில் வேறெந்தக் கேள்வியும் இவ்வளவு தெளிவாக வழி காட்டுவதில்லை. மனச்சோர்வு மட்டும் உள்ளவர் பெரும்பாலும், நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார். அல்லது விடியுமுன் விழித்துக்கொண்டு மனம் கனக்கப் படுத்திருப்பார். ஸ்லீப் அப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடை உள்ளவர் ஒன்பது மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். எழும்போது தலை பாரமாக, தூங்காதவர்போலவே இருப்பார். உடற்கடிகாரம் தள்ளிப்போனவர் தம் போக்கில் விட்டால் எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கித் தெளிவாக எழுவார். அவருடைய தூக்கத்தில் குறையில்லை, அது வரும் நேரம்தான் தவறு. எல்லாரும் இந்த மூன்றில் ஒன்றில் சரியாக அடங்கிவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். மனச்சோர்விலும் சிலர் அளவுக்கு மீறித் தூங்குவார்கள், இரண்டு கோளாறுகள் ஒருவரிடமே சேர்ந்தும் வரும். ஆனாலும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு இந்தப் பதில் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நோயாளிக்குத் தீங்கு செய்த பிறகுதான். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்துவந்தேன். 56 வயது, ஒல்லி என்றும் சொல்ல முடியாது, பருமன் என்றும் சொல்ல முடியாது. "தூக்கமே இல்லை ஐயா, முழித்து முழித்துப் பார்க்கிறேன்" என்பார். நான் மருந்தின் அளவைக் கூட்டினேன். குறையவில்லை என்றதும் இரவுக்குத் தூக்க மருந்தாக லோராசபாம் சேர்த்தேன். இரண்டு மாதத்தில் இன்னும் மோசமாகி வந்தார். பகலில் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப் பானை கருகியிருந்தது. மனச்சோர்வு முற்றுகிறது என்றே அதற்கும் பொருள் கொண்டேன்.

பிறகு பித்தப்பைக் கல்லுக்காக ஒரு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். அறுவைக்கு முந்தைய இரவு, பணியில் இருந்த தாதி அவருடைய குறட்டை சட்டென்று நிற்பதைக் கவனித்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் நின்று தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: "2.10, மூச்சு இல்லை, 25 வினாடி. 2.12, 31 வினாடி. 2.14, 28 வினாடி." மயக்கமருந்து நிபுணர் அந்தப் பென்சில் எழுத்தைப் படித்துவிட்டு அறுவையைத் தள்ளிவைத்து எனக்குத் தொலைபேசியில் சொன்னார். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு தடைப்பட்டது. இரத்த ஆக்சிஜன் 71 விழுக்காடுவரை இறங்கியது. நான் கொடுத்த லோராசபாம் தொண்டைத் தசைகளை இன்னும் தளரவைத்து, மூச்சு முட்டும்போது மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தியிருக்கிறது. அந்த அட்டையை நான் மறக்கவில்லை.

என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போவதில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை ஒரு நொடி உசுப்பிவிடுகிறது, மூச்சு திறக்கிறது, மறுபடி தூக்கம். பத்து வினாடிக்கு மேல் நீடிக்கும் இத்தகைய தடைகளையும் அரைகுறை அடைப்புகளையும் மணிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறோம். 5க்குக் கீழ் இயல்பு, 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. நோயாளிக்கு இந்த விழிப்புகள் பெரும்பாலும் நினைவிருக்காது. நினைவிருப்பது சிறுநீர் கழிக்க எழுந்தது மட்டும்தான். அடைத்த மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆகவே உங்கள் நோயாளி இரவில் மூன்று நான்கு முறை ஏன் விழிக்கிறார், விழித்ததும் கழிவறைக்குப் போகிறாரா என்று கேளுங்கள். சர்க்கரையையும் பாருங்கள்; ஆனால் சர்க்கரை சரியாக இருந்துவிட்டால் அத்தோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். காலைத் தலைவலி உண்டா, இரண்டு மாத்திரைக்கும் இரத்த அழுத்தம் அடங்குகிறதா என்பதும் முக்கியம்.

பெண்களிடம் இது நம் கையிலிருந்து நழுவுவதற்குக் காரணம் உண்டு. பாடநூலில் வரும் நோயாளி பருத்த கழுத்துள்ள ஆண். பகலில் தூங்கி விழுவார், மனைவி குறட்டை பற்றிப் புகார் சொல்வார். பெண்கள் வந்து "அசதி", "தூக்கமில்லை", "மனம் சரியில்லை" என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. தூக்க மூச்சுத்தடையைக் கண்டறிய நாம் பயன்படுத்தும் ஸ்டாப்-பேங் கேள்வித்தாளில் எட்டுக் கேள்விகள். ஆண் என்றாலே ஒரு மதிப்பெண், 50 வயதைத் தாண்டினால் ஒன்று, உடல்நிறைக் குறியீடு 35ஐத் தாண்டினால் ஒன்று. உங்கள் நோயாளி 49 வயதுப் பெண், இரண்டை உடனே இழக்கிறார். ஆசிய மக்களுக்கு முகஎலும்பின் அமைப்பால் குறைந்த எடையிலேயே காற்றுவழி அடைபடும். 35 என்ற எல்லைக்காகக் காத்திருக்கக் கூடாது. நம் நாட்டில் 27.5க்கு மேலேயே உடற்பருமன் என்று கணக்கிடுகிறோம். அந்தத் தாளில் மூன்று வந்தாலே மேலே பார்க்க வேண்டும். இரண்டு வந்தும் இரத்த அழுத்தம் அடங்காமல் இருந்தால், நான் அப்போதும் பார்ப்பேன். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள், கீழ்த்தாடை பின்வாங்கி இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் அதே நாளில் எடுத்துவிடலாம்.

குறட்டையைச் சொல்ல அவருக்குக் கணவர் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு சாட்சி இருக்கிறார், உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார். அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு அடுத்த அறையில் விழித்திருக்கும் மகன்! சின்ன தாமான் வீடுகளில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். "அம்மாவின் குறட்டை இடையில் நின்றுபோவதுண்டா? பிறகு மூச்சு முட்டியதுபோல் தொடங்குமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், அம்மாவின் சம்மதத்தோடு, கைப்பேசியில் ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்துவரச் சொல்லுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் முதலில் வெட்கப்படுவார்கள். இரத்த அழுத்தத்துக்காகத்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து, வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலைகளைப் பதிவதில்லை. தடைகளை அவர் தூங்கிய நேரத்தால் வகுக்காமல், கருவி ஓடிய நேரத்தால் வகுக்கின்றன. எட்டு மணி நேரப் பதிவில் நான்கு மணி நேரம் விழித்துக் கிடந்தால் உண்மையில் 24 என்பது தாளில் 12 ஆகத் தெரியும். மேலும் பெண்களிடம் தடைகள் கனவுத் தூக்கத்தில் திரண்டு வரும். கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். 4.30க்கு அலாரம் அடித்து எழும் ஒருவரிடம் அந்தப் பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. ஆகவே பரிசோதனையை விடுமுறைக்கு முந்தைய இரவில் வையுங்கள். முடிவு இயல்பு என்று வந்தும் உங்கள் சந்தேகம் வலுவாக இருந்தால், ஆய்வகத்தில் முழு இரவுப் பரிசோதனை வேண்டும். அறிக்கையில் "இயல்பு" என்று அச்சிட்டிருப்பதை வைத்து மூடிவிடாதீர்கள்.

நோய் உறுதியானால் சிபேப் கருவி. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். என் நோயாளி முதல் வாரம் மூன்று இரவு கழற்றி எறிந்துவிட்டார். மூக்கடைப்பு, புழுக்கம், சத்தம். பிறகு மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது கருவியை ஓடவிட்டு இருபது நிமிடம் முகமூடியைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னோம். முகத்தில் பதிந்த தழும்பைப் பார்த்துச் சிறிய அளவு மாற்றினோம். மூக்குக்கு ஸ்டீராய்டு தெளிப்பு கொடுத்தோம். மூன்றாவது வாரம் இரவுக்கு நான்கு மணி நேரம் வந்தது, இரண்டாவது மாதம் ஆறு. முதல் இரண்டு வாரம்தான் கருவி நிலைக்குமா, அலமாரிக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த நாட்களில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் அவருடைய மதிப்பெண் 18இலிருந்து 7க்கு இறங்கியது. அசதியும் கவனக்குறைவும் போயின, லோராசபாமை மெல்லக் குறைத்து நிறுத்தினேன். ஆனால் போகாததையும் சொல்ல வேண்டும். இறந்துபோன கணவரைப் பற்றிப் பேசும்போது அழுகை நிற்கவில்லை. மனச்சோர்வு மருந்தை உடனே நிறுத்தவில்லை, மேலும் ஓராண்டு தொடர்ந்தேன். சிபேப் சராசரியில் மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. 2016இல் வெளிவந்த, 2,700 பேருக்கு மேல் பங்கேற்ற சேவ் ஆய்வில், இரவுக்குச் சராசரி மூன்றரை மணி நேரம்கூடக் கருவியை அணியாத நிலையிலும் மனநிலை முன்னேறியது. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறையவில்லை. உங்கள் நோயாளிக்கும் துக்கம் தனியாக இருக்கக்கூடும். தூக்கத்தைச் சரிசெய்த பிறகு மிஞ்சுவதைத்தான் மனச்சோர்வாக எடுத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும்; ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மிர்ட்டாசபினை ஏன் தடுத்தேன் என்றால், அது பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். ஸ்லீப் அப்னியாவுக்கே அது மருந்தாகுமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் இல்லை, எடைதான் கூடியது. எஸ்சிட்டாலோபிராமை இப்போது அப்படியே வைத்திருங்கள், திடீரென நிறுத்த வேண்டாம். தொழிற்சாலைக்கு எப்படிப் போகிறார் என்றும் கேளுங்கள். தொழிற்சாலை பஸ் என்றால் பரவாயில்லை. மோட்டார் சைக்கிள் என்றால், ஓட்டும்போது கண் செருகியதுண்டா என்பதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மகன் கதை வேறு. அவரைக் குடும்பவழி மனச்சோர்வு என்று எழுதுமுன், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு வாங்குங்கள். விளக்கணைத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், எழுந்த நேரம் மட்டும் போதும். அவர் தினமும் அதிகாலை 3.30க்குத் தூங்கி 11.30க்கு எழுகிறார், எழுந்த பிறகு தெளிவாக இருக்கிறார், மாலை ஆனால் உற்சாகம் வருகிறது என்று குறிப்பு சொன்னால், அது உடற்கடிகாரம் தள்ளிப்போனது. 1981இலேயே இதைத் தனி நோயாக விவரித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து மூன்றரை மணி நேரம் விழித்துக் கிடக்கும் பையனிடம் கேட்டால் தூக்கமின்மை என்பான். வகுப்புக்குப் போகாததைப் பார்த்தால் நாட்டமின்மை என்போம். வீட்டில் சோம்பேறி என்று ஏச்சு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உண்மையான மனச்சோர்வும் வந்து சேரும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் சிகிச்சை வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். சுங்கை சிப்புட்டில் சூரியக் கணக்கைவிடக் கடிகாரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான், 7.30க்குப் பள்ளி. அந்த அம்மா 4.30க்கு எழுவது சூரியன் கணக்கில் மூன்றேகால். மகனுடைய வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கிச் சாயும், மூளையை முன்னுக்கு இழுக்கும் காலை வெளிச்சமோ பள்ளி பஸ் புறப்பட்ட பிறகுதான் வருகிறது.

இங்கேதான் நல்லெண்ணம் தீங்காகிறது. "அதிகாலையில் எழுப்பி வெயிலில் நிறுத்துங்கள்" என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். உடல் வெப்பம் மிகத் தாழும் நேரத்துக்குப் பிறகு படும் வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னால் இழுக்கும்; அதற்கு முன் பட்டால் இன்னும் பின்னால் தள்ளும். அந்த நேரம், ஒருவர் தம் போக்கில் எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இருக்கும். 11.30க்கு எழும் பையனுக்கு அது 8.30 முதல் 9.30க்குள். அவரை 7.15க்கு வாசலில் நிறுத்தினால் அவருடைய மூளைக்கு அது நள்ளிரவு வெளிச்சம்.

ஆகவே 11 மணியிலிருந்து தொடங்குங்கள். எழுந்தவுடன் வீட்டுக்கு வெளியே, நிழலில் என்றாலும் திறந்த வானத்தின்கீழ், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். படுக்கும் நேரத்தை வற்புறுத்த வேண்டாம், எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க ஹார்மோனான மெலட்டோனின் கொடுப்பதானால் தூக்க மாத்திரைபோலப் படுக்கும்போது கொடுக்காதீர்கள். அவர் உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம் முன்பு, அதாவது தொடக்கத்தில் இரவு பத்து மணிவாக்கில், அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் போதும். தூக்கம் முன்னால் வர வர மாத்திரையும் முன்னால் வர வேண்டும். இணையத்தில் வாங்கும் குளிகைகளில் அட்டையில் எழுதிய அளவே இருக்கும் என்று நம்ப முடியாது, மருந்தகத்தில் பதிவுபெற்றதையே தேடுங்கள். மாத்திரைக்குப் பிறகு வீட்டு விளக்கு மங்கலாக இருக்கட்டும். கைப்பேசியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். பத்தொன்பது வயதுப் பையனிடம் அது சண்டையில்தான் முடியும். வெளிச்சத்தைக் குறைத்து, கையெட்டும் தூரத்துக்கு அப்பால் வைக்கச் சொன்னால் போதும்.

இந்த வழிக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் திட்டமும் பொங்கி வழிந்த காலம் அவருக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருந்ததா? இருந்தால் இருமுனைக் கோளாறை நினைக்க வேண்டும். வெளிச்சச் சிகிச்சையும் மனச்சோர்வு மருந்தும் அதைக் கிளப்பிவிடக்கூடும், அப்போது என் துறையான மனநலப் பிரிவுக்கு அனுப்பாமல் எதையும் தொடங்காதீர்கள்.

மூன்று நான்கு வாரத்தில் எழும் நேரம் 7.30க்கு வந்துவிடலாம். விடுமுறையில் இரண்டு இரவு பழையபடி விட்டால் பாதித் தூரம் திரும்பிப் போய்விடும். இதை அவருக்கு முதல் நாளே சொல்லுங்கள். தெரியாமல் சறுக்கினால், தம்மால் முடியாது என்று விட்டுவிடுவார். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி, முதல் மாதம் பத்து மணி வகுப்பிலிருந்து வர அனுமதி கேட்டுப் பாருங்கள். நான் எழுதிய கடிதங்களில் பாதிக்குமேல் தலைமையாசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த சந்திப்புக்கு இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள், அம்மாவின் ஓய்வு நாளில், பிற்பகல் இரண்டு மணிக்கு. காலை எட்டரைக்கு வைத்தால் மகன் வரமாட்டார், அம்மாவைப் பற்றிய சாட்சியும் வராது.